விற்கிற சரக்கும் விளம்பரப் பணமும்

இணையத்தில் பாத்திரக் கடை நடத்துகிறவர் மாதக் கடைசியில் விளம்பரக் கணக்கைத் திறந்தால் முதலில் தேடுவது ஓர் எண்ணைத்தான். விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வந்தது என்று சொல்லும் எண் அது. தொழிலில் இருப்பவர்கள் அதை ரோஆஸ் என்பார்கள். அது ஐந்து, ஆறு என்று நின்றால் கடைக்காரர் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஆனால் அந்த ஒற்றை எண்ணுக்குள் இரும்புத் தோசைக்கல்லும் இருக்கிறது, குத்துவிளக்கும் இருக்கிறது, கல்சட்டியும் இருக்கிறது. எந்தச் சரக்குக்குப் பணம் போனது, எந்தச் சரக்கால் பணம் வந்தது என்பது அதில் தெரியாது.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு போதும். கடையின் சரக்கை வகை வகையாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வகையும் மொத்த விற்பனையில் எத்தனை சதவீதம், மொத்த விளம்பரச் செலவில் எத்தனை சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது. செலவுப் பங்கை விற்பனைப் பங்கால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். ஒன்றுக்கு மேல் போனால் அந்த வகை தன் விற்பனைக்கு மிஞ்சிய விளம்பரத்தை வாங்கிக்கொள்கிறது. ஒன்றுக்கு வெகுவாகக் கீழே இருந்தால், விற்கிறது, ஆனால் விளம்பரத்தில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. அது தானாக நடக்கிறது, குறிப்பாகக் கடந்த சில ஆண்டுகளாக. கூகுள் நிறுவனம் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் என்ற விளம்பர முறையை 2021-ல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதற்கு முன் சிறு கடைகள் பெரிதும் நம்பியிருந்த ஸ்மார்ட் ஷாப்பிங் முறையை 2022-ல் இதற்குள் கொண்டுவந்தது. கடைக்காரர் தன் பொருள் பட்டியல் முழுவதையும் கொடுத்து, நாளைக்கு இத்தனை ரூபாய் என்று ஒரே பட்ஜெட்டைப் போட்டுவிட்டால் போதும். எந்தப் பொருளை யாருக்குக் காட்டுவது என்பதை இயந்திரமே தீர்மானிக்கும். ஏற்கெனவே கிளிக்கும் ஆர்டரும் வந்த பொருள்களைப் பற்றித்தான் அதற்கு நிறையத் தெரியும். அதனால் பணம் அங்கேயே போகிறது, அங்கிருந்து மேலும் தகவல் வருகிறது, மறுபடியும் பணம் அங்கேயே போகிறது. ஒரு முறைகூடச் சரியாகக் காட்டப்படாத பொருள் விற்குமா விற்காதா என்பது அதற்குத் தெரிய வாய்ப்பே வருவதில்லை.

ஒரு கடையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். கணக்கு புரிவதற்காக உருவாக்கிய கடை இது. எண்களும் அதற்கேற்ப வைத்தவையே. 90 நாளில் இந்தக் கடையின் மொத்த விற்பனை 40 லட்சம் ரூபாய், விளம்பரச் செலவு 4 லட்சம். இரும்புத் தோசைக்கல்லும் வாணலியும் 12 லட்சத்துக்கு விற்றன. எவர்சில்வர் பாத்திரம் 10 லட்சம். பித்தளை விளக்கும் பூஜைச் சாமானும் 8 லட்சம். கல்சட்டி 4 லட்சம். கிரைண்டரும் மிக்ஸியும் 4 லட்சம். மரக் கரண்டி, மத்து போன்றவை 2 லட்சம்.

விளம்பரப் பணம் போன விதம் வேறு. 4 லட்சத்தில் சரிபாதி, 2 லட்சம், இரும்புக்கே போயிருக்கிறது. எவர்சில்வருக்கு ஒரு லட்சம். கிரைண்டருக்கு 56,000. பித்தளைக்கு வெறும் 24,000, கல்சட்டிக்கு 16,000, மரச் சாமானுக்கு 4,000. சதவீதமாக மாற்றினால், விற்பனையில் 30 சதவீதம் தரும் இரும்பு செலவில் 50 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது, விகிதம் 1.67. எவர்சில்வர் இரண்டிலும் 25 சதவீதம், விகிதம் ஒன்று. கிரைண்டர் 1.4. விற்பனையில் 20 சதவீதம் தரும் பித்தளைக்குச் செலவில் கிடைத்தது 6 சதவீதம்; விகிதம் 0.3. கல்சட்டிக்கு 0.4, மரச் சாமானுக்கு 0.2.

பார்த்தவுடன் கை பரபரக்கும். கீழே கிடக்கும் மூன்று வகைக்கும் பணத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பலர் இந்தக் கணக்கைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்த விகிதம் எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் நீட்டுமே தவிர, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாது. அதற்கு முன் எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையே ஒரு முறை சரிபார்க்க வேண்டும்.

விற்பனை எண் எங்கிருந்து வர வேண்டும்? கூகுள் ஆட்ஸ் திரையிலேயே செலவுக்குப் பக்கத்தில் விற்பனை மதிப்பும் இருக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்ளத் தோன்றும். எடுத்தால் இந்தக் கணக்குக்கு அர்த்தமே இருக்காது. அந்தத் திரையில் இருப்பது விளம்பரத்தால் வந்ததாக அந்த நிறுவனம் கணக்கு வைக்கும் விற்பனை மட்டுமே. விளம்பரமே செய்யாத விளக்குக்கு விளம்பரத்தால் விற்பனை எப்படி வரும்? செலவு குறைந்த வகைக்கு விற்பனையும் குறைவாகக் காட்டும், விகிதம் எல்லா வகைக்கும் ஒன்றை ஒட்டியே வந்து நிற்கும், கடையில் ஒரு குறையும் இல்லை என்று தோன்றும். நாம் தேடுவது விளம்பரம் இல்லாமலேயே, பழைய வாடிக்கையாளர் வழியாகவும், வாட்ஸ்அப் விசாரிப்பு வழியாகவும், சாதாரணத் தேடல் வழியாகவும் விற்கிற சரக்கை. ஆகவே விற்பனை எண் கடையின் ஆர்டர் புத்தகத்திலிருந்து, அதாவது ஷாப்பிஃபையோ டாலியோ எதில் பில் போடுகிறார்களோ அதிலிருந்து வர வேண்டும். செலவு எண் மட்டும்தான் விளம்பரக் கணக்கிலிருந்து.

அந்த ஆர்டர் எண்ணையும் அப்படியே எடுக்கக் கூடாது. ஜிஎஸ்டியைக் கழிக்க வேண்டும். ரத்தான ஆர்டரையும், வீட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்த சிஓடி பார்சலையும் கழிக்க வேண்டும். இந்தத் திரும்பி வரும் சரக்கு எல்லா வகையிலும் ஒரே அளவில் இருந்தால் பங்கு மாறாது. ஆனால் அப்படி இருப்பதில்லை. முன்பணம் கட்டி விளக்கு வாங்குகிறவர் அதைத் திருப்பி அனுப்புவது அரிது. ஏதோ ஆசையில் சிஓடி போட்ட வாணலி திரும்பி வருவது அதிகம். உடைந்து வந்ததால் பணம் திருப்பிக் கொடுத்த கல்சட்டியும் இந்தக் கழிவில் சேரும்.

இன்னொரு சிக்கல், கிளிக் செய்த பொருளும் வாங்கிய பொருளும் ஒன்றாக இல்லாதது. தோசைக்கல் விளம்பரத்தைப் பார்த்து உள்ளே வருகிறார் ஒருவர். சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு ஜோடி விளக்கு வாங்கிக்கொண்டு போகிறார். செலவு இரும்புக் கணக்கில் ஏறும், விற்பனை பித்தளைக் கணக்கில் ஏறும். இப்படி நிறைய நடக்கிற கடையில், இரும்பு அதிகம் தின்கிறது என்று அதன் விளம்பரத்தை வெட்டினால் விளக்கு விற்பனையும் சேர்ந்து விழும். கூடையில் என்னென்ன பொருள் இருந்தது என்ற தகவலையும் கூகுளுக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. அதைச் செய்து வைத்தால், விளம்பரம் செய்த பொருளே விற்றதால் வந்த வருமானம் எவ்வளவு, அந்த விளம்பரத்தால் உள்ளே வந்தவர் வேறு பொருள் வாங்கியதால் வந்த வருமானம் எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துக் காட்டும். இரும்பின் 1.67-ஐப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முன் இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

வகைப் பெயர்கள் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது சின்ன விஷயம்போலத் தெரியும். நடைமுறையில் பாதி நேரம் இதற்கே போகும். கடையின் பட்டியலில் ‘பூஜை’ என்று இருப்பது கூகுளுக்குப் போகும் பட்டியலில் ‘ஹோம் டெகர்’ என்று போயிருக்கும். கூகுள் பட்டியலில் `product_type` என்ற கட்டம் கடைக்காரர் தன் விருப்பப்படி வகை எழுதுவதற்கானது. அதில் கடையின் சொந்த வகைப் பெயரையே எழுதிவிடுவது நல்லது. அது ஏற்கெனவே வேறு எதற்காவது பயன்பட்டால் `custom_label_0` முதல் `custom_label_4` வரை ஐந்து கட்டங்கள் காலியாக இருக்கின்றன. பிறகு ஒரு விரிதாளில் விளம்பரச் செலவு ஒரு பக்கம், ஆர்டர் இன்னொரு பக்கம் என்று ஒட்டி, வகைப் பெயர் `A2`-வில் இருந்தால், இந்த இரண்டு வரி போதும்:

```
B2: =SUMIF(Ads!A:A,A2,Ads!B:B)/SUM(Ads!B:B)
C2: =SUMIF(Orders!A:A,A2,Orders!B:B)/SUM(Orders!B:B)
```

`B2`-ஐ `C2`-வால் வகுத்தால் விகிதம். பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் பயன்படுத்தும் கடையில், பொருள்வாரியான செலவைக் கூட்டினால் மொத்தச் செலவை எட்டாமல் போகலாம். யூடியூபிலும் வேறு பக்கங்களிலும் பொருளைக் குறிப்பிடாமல் போகும் விளம்பரத்தின் பணம் அது. அதை வகைகளுக்குப் பிரித்துக் கொடுக்காமல் தனி வரியாக வைத்துவிடுவதுதான் நேர்மையான வழி.

இனி லாபத்துக்கு வருவோம். விற்பனை விகிதம் மறைக்கிற மிகப் பெரிய விஷயம் இங்கேதான் இருக்கிறது. நம் கடையில் இரும்பில் 100 ரூபாய்க்கு 40 ரூபாய் மார்ஜின் என்று வைத்துக்கொள்வோம். எவர்சில்வரில் 25, பித்தளையில் 35, கல்சட்டியில் 45, மரத்தில் 50. பிராண்ட் கிரைண்டரிலும் மிக்ஸியிலும் 12. அப்படியானால் கிரைண்டர் வகை 4 லட்சம் விற்றுத் தந்த மார்ஜின் 48,000 ரூபாய். அதற்குச் செய்த விளம்பரம் 56,000. விற்பனையை வைத்துப் பார்த்தபோது 1.4 என்று சற்றே மிகையாகத் தெரிந்த வகை, உண்மையில் தன் மார்ஜின் முழுவதையும் விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டு, மேலும் 8,000 ரூபாயைக் கடையின் கையிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. இந்தக் கடையில் முதலில் கை வைக்க வேண்டிய இடம் 1.67-ல் இருக்கும் இரும்பு அல்ல, கிரைண்டர்தான். ரோஆஸ் எண் மட்டும் பார்த்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. கிரைண்டருக்கு அது ஏழைத் தாண்டும், இரும்புக்கு ஆறுதான்.

பங்குக் கணக்கை மார்ஜினை வைத்து மறுபடி போட்டால் படம் மாறுகிறது. கடையின் மொத்த மார்ஜின் 13,38,000. அதில் கிரைண்டரின் பங்கு 4 சதவீதத்தைத் தொடவில்லை, ஆனால் செலவில் 14 சதவீதம். விகிதம் நான்கை நெருங்குகிறது. இரும்பு 1.4-க்கு இறங்கிவிடுகிறது. பித்தளை 0.3-லேயே நிற்கிறது, கல்சட்டியும் அங்கேயே வந்து சேர்கிறது. மரச் சாமான் 0.13-க்குப் போய்விடுகிறது.

அப்படியானால் மரச் சாமான்தான் மிகவும் புறக்கணிக்கப்பட்ட சரக்கா? இல்லை. ஒரு மரக் கரண்டி செட் 400 ரூபாய்க்குப் போகிறது, அதில் 200 ரூபாய் மார்ஜின். ஒரு கிளிக்குக்கு 8 ரூபாய் என்றும், உள்ளே வரும் நூறு பேரில் இரண்டு பேர் வாங்குவார்கள் என்றும் வைத்தால், ஓர் ஆர்டருக்கு 50 கிளிக், அதாவது 400 ரூபாய் விளம்பரம். 200 ரூபாயைச் சம்பாதிக்க 400 ரூபாய் செலவு. இந்தச் சரக்கைத் தனியாக விளம்பரம் செய்யவே கூடாது. தோசைக்கல் வாங்குகிறவர் கூடையில் கடைசியாகச் சேர்த்துக்கொள்கிற பொருள் இது. அதனால்தான் விளம்பரம் இல்லாமலே 2 லட்சத்துக்கு விற்றிருக்கிறது. பட்டியலின் அடியில் இருந்தாலும் அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. ஆக, விகிதத்தைப் பார்த்த பிறகு ஓர் ஆர்டரின் மதிப்பைப் பார்க்க வேண்டும். அதே கணக்கில் விளக்கு எப்படி நிற்கிறது? ஓர் ஆர்டர் சராசரியாக 4,000 ரூபாய், மார்ஜின் 1,400. கிளிக்குக்கு 10 ரூபாய், நூறு பேரில் ஒருவர் மட்டும் வாங்கினாலும் ஓர் ஆர்டருக்கு விளம்பரம் 1,000 ரூபாய். 400 ரூபாய் மிஞ்சுகிறது. இங்கே பேசுவதற்கு இடம் இருக்கிறது.

பெரிய நிறுவனங்களும் தெரிந்தே சிலவற்றைக் கைவிடுவதுண்டு. பிராக்டர் அண்ட் கேம்பிள் 2014-ல், தன் பிராண்டுகளில் எழுபது எண்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கப்போவதாக அறிவித்தது. வைத்துக்கொண்டவையே ஏறக்குறைய 90 சதவீத விற்பனையைத் தந்தன. கணக்குப் பார்த்து விடுவது அது. கண்ணில் படாமலே ஒன்று விடுபட்டுப் போவதைத்தான் இந்த விகிதம் பிடித்துக் கொடுக்கிறது.

விகிதம் ஒன்றாக இருப்பதே சரி என்ற எண்ணமும் வேண்டாம். விளம்பரப் பங்கையும் சந்தைப் பங்கையும் ஒப்பிடும் பழக்கம் விளம்பர உலகில் பழையது. ஜான் பிலிப் ஜோன்ஸ் 1990-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரை அதில் நன்கு அறியப்பட்டது. பெரிய பிராண்டுகள் தங்கள் சந்தைப் பங்குக்குக் கீழே செலவு செய்தும் நிலைத்து நிற்கின்றன, சிறியவை தங்கள் பங்குக்கு மேலே செலவு செய்ய வேண்டியிருக்கிறது என்பதை அவர் காட்டினார். அவர் ஒப்பிட்டது ஒரு சந்தையில் போட்டியிடும் பிராண்டுகளை; இங்கே ஒப்பிடுவது ஒரே கடைக்குள் இருக்கும் வகைகளை. ஆனாலும் ஒரு விஷயம் இரண்டுக்கும் பொருந்தும். மக்கள் ஏற்கெனவே பெயர் சொல்லிக் கேட்கும் சரக்கு ஒன்றுக்குக் கீழே இருப்பது இயல்பு. புதிதாக அறிமுகமாகும் சரக்கு ஒன்றுக்கு மேலே இருப்பதும் இயல்பு.

நம் கடையின் பித்தளை எந்த ரகம்? பெயர் பெற்றதால் விளம்பரம் வேண்டாத ரகமா, வழியில் ஏதோ அடைத்துக்கொண்டதால் விளம்பரம் போய்ச் சேராத ரகமா? இதற்குப் பொருள்வாரியாக இறங்கிப் பார்க்க வேண்டும். 120 வகை விளக்கும் பூஜைச் சாமானும் பட்டியலில் இருந்து, அதில் 80 பொருள்கள் 90 நாளில் ஒரு முறைகூடத் திரையில் காட்டப்படவில்லை என்றால், வாடிக்கையாளர் விரும்பவில்லை என்று சொல்ல முடியாது. அவர்கள் பார்க்கவே இல்லை.

காட்டப்படாததற்குப் பித்தளைக்கே உரிய காரணங்கள் உண்டு. பித்தளையை எடைக்கு விலை போடுகிறார்கள். உலோக விலை ஏறி இறங்க, கடைக்காரர் தளத்தில் விலையை மாற்றிக்கொண்டே இருப்பார். கூகுளுக்கான பட்டியல் நாளைக்கு ஒரு முறைதான் போகும். பட்டியலில் ஒரு விலை, தளத்தில் வேறு விலை என்று இருப்பதைக் கூகுள் மெர்ச்சன்ட் சென்டர் கண்டுபிடித்தால் அந்தப் பொருளை நிராகரித்து, காட்டுவதை நிறுத்திவிடும். விலை மாறாத எவர்சில்வர் குடத்துக்கு இந்தத் தொல்லை வராது. பட்டியலை அடிக்கடி அனுப்புவதும், தளத்து விலையை மெர்ச்சன்ட் சென்டரே படித்துத் திருத்திக்கொள்ளும் வசதியை இயக்கி வைப்பதும் இதற்கான வழி.

அடுத்தது பார்கோடு. தொழிற்சாலையில் செய்த கிரைண்டருக்குப் பார்கோடு எண் உண்டு. அதே எண்ணை எத்தனை கடை போட்டாலும் எல்லோரும் விற்பது ஒரே பொருள் என்று கூகுளுக்குப் புரியும். நாச்சியார்கோவிலில் வார்த்துக் கடைந்த குத்துவிளக்குக்கு அப்படி ஓர் எண் கிடையாது. அந்தக் கட்டத்தை வெறுமனே விடாமல், `identifier_exists` என்ற இடத்தில் `no` என்று குறிப்பிட வேண்டும். மூன்றாவது, பொருளின் பெயர். கடையின் இருப்புப் பதிவேட்டில் உள்ள ‘பிஎல் 07’ அப்படியே கூகுளுக்குப் போயிருக்கும். தேடுகிறவர் ‘குத்துவிளக்கு ஒரு ஜோடி, ஒன்றரை அடி, பித்தளை’ என்று தேடுவார். இரண்டும் எங்கே சந்திக்கும்? இந்த மூன்றையும் சரிசெய்ய ஒரு ரூபாய் விளம்பரச் செலவும் தேவையில்லை. பட்ஜெட்டை ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான், ஏனென்றால் நிராகரிக்கப்பட்ட பொருளுக்கு எவ்வளவு பட்ஜெட் ஒதுக்கினாலும் அது செலவாகாது.

பட்டியல் சரியான பிறகுதான் பணத்தைப் பற்றிய கேள்வி. பித்தளைக்கு 24,000 ரூபாய் செலவில் 8 லட்சம் விற்பனை. ஒரு ரூபாய்க்கு 33 ரூபாய். அப்படியானால் இன்னொரு ரூபாய் போட்டால் இன்னொரு 33 வருமா? வராது. அந்த 8 லட்சத்தில் பெரும்பகுதி விளம்பரம் இல்லாமல் வந்தது. விளம்பரத்தை ஏற்றினால், எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய அதே பழைய வாடிக்கையாளர்கள் இப்போது விளம்பரத்தைக் கிளிக் செய்து வருவார்கள். விற்பனை அப்படியே இருக்க, செலவு மட்டும் கூடும்.

இது வெறும் அச்சமல்ல. ஈபே நிறுவனத்தில் தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் மூவரும் செய்த சோதனை 2015-ல் எகனாமெட்ரிகா ஆய்விதழில் வந்தது. ஈபே என்ற பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தை, யாகூவிலும் மைக்ரோசாஃப்ட் தேடலிலும் 2012-ல் நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த வருகையில் 99.5 சதவீதம் விளம்பரமில்லாத சாதாரணத் தேடல் வழியாக அப்படியே வந்து சேர்ந்தது. பிறகு பொதுவான சொற்களுக்கான விளம்பரத்தை அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் நிறுத்தி, நிறுத்தாத பகுதிகளோடு ஒப்பிட்டார்கள். ஈபேயில் புதியவர்களும் எப்போதாவது வாங்குகிறவர்களும்தான் விளம்பரத்தால் கூடுதலாக வாங்கினார்கள். அடிக்கடி வாங்குகிறவர்களின் வாங்கலில் மாற்றம் இல்லை, ஆனால் விளம்பரப் பணத்தில் பெரும்பகுதி அவர்களுக்காகவே போயிருந்தது.

அவர்கள் செய்த அந்தப் பகுதி பிரிக்கும் முறையைச் சின்னக் கடையும் செய்யலாம். பித்தளையைப் பொதுவான பட்ஜெட்டிலிருந்து பிரித்துத் தனிக் கேம்பெயினாக்கி, மாதம் 12,000 ரூபாய் கூடுதலாகப் போட முடிவு செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீத மார்ஜினில், அந்த 12,000-ஐத் திருப்பி எடுக்கவே சுமார் 34,300 ரூபாய்க்குக் கூடுதல் விற்பனை வர வேண்டும். நாடு முழுவதும் இந்தப் பணத்தைத் தூவினால் என்ன ஆகும்? பித்தளை மாதம் சுமார் 2,67,000 ரூபாய்க்கு விற்கிறது. அதில் 34,300 என்பது 13 சதவீத ஏற்றம். ஒரு முகூர்த்த வாரம் முன்பின்னாக வந்தாலே விற்பனை அந்த அளவுக்கு அசையும். விளம்பரத்தால் கூடியதா, கல்யாணங்களால் கூடியதா என்று பிரிக்க முடியாது.

ஆகவே 12,000 ரூபாயையும் ஓர் ஊரில் மட்டும் இறக்க வேண்டும். சென்னையில் விளக்கு மாதம் 60,000 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 34,300 கூடினால் பாதிக்கு மேல் ஏற்றம். சாதாரண ஏற்ற இறக்கத்தில் அது மறைந்துபோகாது. மற்ற ஊர்களில் விளம்பரத்தைத் தொடாமல் விட வேண்டும். மாதம் முடிந்ததும், மற்ற ஊர்களில் விளக்கு விற்பனை 5 சதவீதம் கூடியிருக்கிறது என்றால், விளம்பரம் இல்லாமலே சென்னை 63,000-க்குப் போயிருக்கும் என்று கொள்ளலாம். சென்னை 1,05,000-க்குப் போயிருந்தால் விளம்பரம் கொண்டுவந்தது 42,000. அதன் மார்ஜின் 14,700. செலவு போக 2,700 ரூபாய் மிஞ்சியது. இந்தச் சோதனையில் விளம்பரத் திரை காட்டும் ரோஆஸைப் பார்க்கவே கூடாது. பார்க்க வேண்டியது ஆர்டர் புத்தகத்தில் உள்ள சென்னை முகவரிகளின் மொத்த விளக்கு விற்பனை.

2,700 என்பது குறைவாகத் தோன்றலாம். அந்த ஆர்டர்களில் எத்தனை முதல் முறை வாங்குகிறவர்களுடையவை என்று எண்ணிப் பார்த்தால் அதன் மதிப்பு தெரியும். பாதிக்கு மேல் புதியவர்கள் என்றால் தொகையைத் தொடரலாம், இன்னோர் ஊருக்கு விரிக்கலாம். பெரும்பாலும் பழைய கைப்பேசி எண்களே என்றால் அடுத்த மாதம் பலன் இதைவிடக் குறையும் வாய்ப்பே அதிகம். முதல் வாரத்தை மட்டும் வைத்து முடிவு எடுப்பது பொதுவான தவறு. புதிய கேம்பெயின் நிலைகொள்ளச் சில வாரங்கள் ஆகும். 4,000 ரூபாய்ப் பொருளை வாங்குகிறவரும் பார்த்த அன்றே வாங்குவதில்லை, வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்.

எந்த 90 நாளை எடுத்தோம் என்பதும் இங்கே முக்கியம். நவராத்திரியும் கார்த்திகைத் தீபமும் அடங்கிய மூன்று மாதத்தில் விளக்கின் விற்பனைப் பங்கு வீங்கியிருக்கும். தையில் அதே கணக்கைப் போட்டால் பாதியாகலாம். விளம்பர இயந்திரமோ முந்தைய வாரங்களின் தகவலை வைத்துத்தான் நடக்கும். பண்டிகைத் தேவை ஏறும்போது அது பின்தங்கியே ஏறும். அதனால் பண்டிகைக் காலத்தில் விகிதம் 0.3 என்று தெரிவது ஓரளவுக்கு இந்தத் தாமதத்தின் விளைவாகவும் இருக்கலாம். ஆண்டு முழுமைக்கும் ஒரு முறை போட்டுவிட்டு, பிறகு காலாண்டு காலாண்டாகச் சென்ற ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எது நிரந்தரப் புறக்கணிப்பு, எது பருவத்தின் அசைவு என்று பிரிந்துவிடும்.

கல்சட்டி மிச்சமிருக்கிறது. மார்ஜின் 45 சதவீதம், விகிதம் 0.3, காகிதத்தில் பார்த்தால் பித்தளையைவிட நல்ல வாய்ப்பு. ஆனால் மாக்கல்லைக் கடைந்து செய்யும் சட்டியைக் கைவினைஞர்கள் மாதத்துக்கு இத்தனை என்றுதான் தருவார்கள். மூன்று மாதத்தில் 4 லட்சத்துக்கு விற்றது அவர்கள் தந்த அளவு முழுவதும்தான் என்றால், விளம்பரம் கூட்டுவதால் சட்டி கூடாது. ‘இருப்பு இல்லை’ என்ற பலகையைப் பணம் கொடுத்துக் காட்டியதாகிவிடும். இந்த வகையில் விளம்பர பட்ஜெட்டுக்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: மாதத்தில் எத்தனை நாள் சரக்கு இல்லாமல் பக்கம் மூடிக் கிடந்தது, வழியில் உடைந்தவை எத்தனை. மூடிக் கிடந்த நாள் அதிகம் என்றால் அந்த 12,000 ரூபாயைக் கைவினைஞரிடம் முன்பணமாகக் கொடுப்பதும், உடைசல் அதிகம் என்றால் அட்டைப் பெட்டியை இரட்டைச் சுவர் கொண்டதாக மாற்றுவதும் விளம்பரத்தைவிடக் கூடுதல் மார்ஜினைக் கொண்டுவரும்.